பத்து லட்சம் டவுன்லோடு, 4.4 நட்சத்திரம்: இந்தக் கடன் ஆப்பை இறக்கலாமா?

ஐயா, பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கு அவசரமாக 20 ஆயிரம் ரூபாய் வேண்டும். என் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு கடன் ஆப்பின் பிளே ஸ்டோர் பக்கத்தை மூன்று ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து அனுப்பியிருக்கிறார். பத்து லட்சம் பேர் இறக்கியிருக்கிறார்கள், நல்ல மதிப்பெண் இருக்கிறது, பயப்படாதே என்கிறார். படங்களை இணைத்திருக்கிறேன். இறக்கலாமா? இறக்குவதற்கு முன்னால் இதை வைத்தே ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?
ஒரு வாசகர், திருப்பூர்

வணக்கம். இறக்க வேண்டாம். காரணம் மூன்றாவது படத்தில் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு படங்களைத் தாண்டி அங்கே போகும் பொறுமை பெரும்பாலும் யாருக்கும் இருப்பதில்லை. ஆகவே வரிசையாகவே போவோம்.

ஆண்ட்ராய்டு ஆப் செய்து பிளே ஸ்டோரில் ஏற்றுவது என் தொழில். ஆப்பின் பெயர், ஐகான், விளக்கம், காட்சிப் படங்கள் என்று அந்தப் பக்கத்தில் பளிச்சென்று தெரிகிற எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் நாங்களேதான் நிரப்புகிறோம். அதனால் வேறொருவரின் பக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: இந்த வரியை எழுதியது யார்? ஆப்காரர் எழுதியதா, கூகுள் எண்ணிப் போட்டதா, இறக்கியவர்கள் சொன்னதா, அல்லது ஆப்பின் கோப்புக்குள்ளிருந்தே வந்ததா? உங்கள் மூன்று படங்களிலும் இந்த நான்கும் கலந்து கிடக்கின்றன.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் என்பது படம் மட்டுமே. போனிலேயே ஐந்து நிமிடத்தில் எண்ணை மாற்றி அனுப்பலாம். பிளே ஸ்டோரைப் போலவே வரைந்த போலி இணையப் பக்கங்களும் உலவுகின்றன. படத்தின் மேல்பகுதியில் பிரவுசரின் முகவரிப் பட்டை தெரிந்து, அதில் `play.google.com` தவிர வேறு ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பிளே ஸ்டோர் ஆப்புக்குள் எடுத்த படத்தில் முகவரிப் பட்டையே இருக்காது, பொத்தானிலும் `Install` என்றுதான் இருக்கும். அந்த இடத்தில் `Download APK` என்று இருந்தால் அது ஸ்டோரே இல்லை. உங்கள் படத்தில் இந்தக் கோளாறு இல்லை. இருந்தாலும் படத்தை மட்டும் நம்பாமல், நானே ஸ்டோரைத் திறந்து பெயரைத் தேடினேன். அதே ஐகானோடு பக்கம் இருக்கிறது. படம் உண்மைதான். அதில் சொல்லியிருப்பது உண்மையா என்பது வேறு விஷயம்.

ஆப் பெயருக்குக் கீழே நிறமெழுத்தில் இருப்பது டெவலப்பர் பெயர். நம்மில் பலர் அதைக் கடையின் லைசென்ஸ் பலகை மாதிரி நினைக்கிறோம். உண்மையில் அது கடைக்காரர் தானே எழுதி மாட்டிய போர்டு. 2017 நவம்பரில் வாட்ஸ்அப்பின் பெயரிலேயே ஒரு போலி ஆப் பிளே ஸ்டோரில் ஏறி, பத்து லட்சத்துக்கு மேல் இறக்கப்பட்டது. அதன் டெவலப்பர் பெயரும் அசல் நிறுவனத்தின் பெயர்தான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளிக் குறியை மட்டும் சேர்த்திருந்தார்கள். கணினிக்கு அது வேறு பெயர், நமக்கு அதே பெயர். மறுவருடம் இன்னொரு கூட்டம் டெவலப்பர் பெயர் என்ற இடத்திலேயே கோடிக்கணக்கில் இன்ஸ்டால் ஆனதாக ஒரு எண்ணை எழுதி வைத்தது. அவசரமாகப் பார்ப்பவர்கள் அதை டவுன்லோடு எண்ணிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். ஸ்கிரீன்ஷாட்டில் இந்தத் தந்திரம் இன்னும் நன்றாக எடுபடும். தொட்டுப் பார்க்க முடியாதே.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஸ்டோரில் எந்த ஆப்புக்கும் மாற்ற முடியாத ஓர் அடையாளம் உண்டு. பக்கத்தைப் பகிரும் பொத்தானை அழுத்தி இணைப்பை நகலெடுத்தால் அது தெரியும். உதாரணத்துக்கு அசல் வாட்ஸ்அப்பின் இணைப்பு இது:

```
https://play.google.com/store/apps/details?id=com.whatsapp
```

`id=` என்பதற்குப் பிறகு வருவது ஸ்டோர் முழுவதிலும் ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது. உங்கள் வங்கியின் ஆப்பா என்று சந்தேகம் வந்தால், வங்கியின் இணையதளத்தில் இருக்கிற ஸ்டோர் இணைப்பின் வாலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

உங்கள் ஆப் யாரையும் போலச் செய்யவில்லை, அதனால் இந்தச் சோதனை இதற்குப் பயன்படாது. கடன் ஆப்புக்கு வேறொரு சோதனை இருக்கிறது. பக்கத்தில் `App support` என்ற வரியைத் தொட்டால், அதற்குள் `About the developer` என்று ஒரு பகுதி விரியும். கூகுளிடம் அடையாளம் காட்டிய சட்டப்படியான பெயர் அங்கேதான் இருக்கும். இந்தியாவில் கடன் கொடுக்கும் ஆப்புக்குக் கூகுள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. அது வெறும் இடைத்தரகர் என்றால், பணம் கொடுக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயரை விளக்கத்தில் தெளிவாக எழுத வேண்டும். டெவலப்பர் பெயரும் பதிவு செய்த நிறுவனப் பெயரைக் காட்ட வேண்டும். உங்கள் ஆப்பில் போர்டில் ஒரு பெயர், `About the developer` பகுதியில் ஒரு தனி ஆளின் பெயர், விளக்கத்தில் மூன்றாவதாக ஒரு நிதி நிறுவனம். தொடர்பு முகவரி ஜிமெயில்.

மூன்று பெயர் இருப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. அந்த மூன்றாவது நிறுவனத்தை ரிசர்வ் வங்கியின் பட்டியலில் தேடினேன், இருக்கிறது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நிறுவனம் நிஜமானது என்பதால் ஆப்பும் அவர்களுடையது என்று ஆகிவிடாது. பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம். தன் சார்பில் இயங்கும் கடன் ஆப்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி போட்ட விதி. அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய்ப் பார்த்தேன், நான்கு ஆப் பெயர்கள் இருந்தன, உங்களுடையது இல்லை. 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கியும் `rbi.org.in` தளத்தில் கடன் ஆப்களின் பட்டியலைப் போட்டு வருகிறது. நிறுவனங்கள் தாங்களே கொடுக்கும் விவரம் அது. அதிலும் இந்தப் பெயர் இல்லை.

அடுத்து, மச்சான் மயங்கிய அந்த `10L+`. இதை எழுதியது கூகுள். ஆப்காரரால் நேரடியாகத் திருத்த முடியாது. ஆனால் இது சரியான எண்ணிக்கை இல்லை, படிக்கட்டு மாதிரி. பத்து லட்சத்தைத் தொட்டதும் இந்தப் படியில் ஏறும், ஐம்பது லட்சம் வரும்வரை இதே படியில்தான் நிற்கும். இறக்கிப் பார்த்துவிட்டு மறுநாளே அழித்தவர்களும் இதில் அடக்கம். ரீல்ஸ் நடுவே வருகிற விளம்பரத்துக்குக் காசு கொட்டினால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023 டிசம்பரில் ஆளை மிரட்டிப் பணம் பறிக்கிற 18 கடன் ஆப்களைப் பட்டியலிட்டது. பிளே ஸ்டோரில் மட்டும் அவை மொத்தமாக 1.2 கோடிக்கு மேல் இறக்கப்பட்டிருந்தன. எத்தனை பேர் கதவைத் தாண்டி உள்ளே போனார்கள் என்பதைத்தான் இந்த எண் சொல்லும். திரும்பி வந்தவர்கள் கணக்கு அதில் கிடையாது.

இதை நான் தனியாகப் படிப்பதே இல்லை. `About this app` என்பதைத் தொட்டுக் கீழே போனால் `Released on` என்று ஒரு தேதி இருக்கும். அதன் பக்கத்தில் வைத்தால்தான் டவுன்லோடு எண்ணுக்கு அர்த்தம் வரும். உங்கள் ஆப் ஸ்டோருக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. யாரும் கேள்விப்படாத ஒரு நிறுவனத்துக்கு நான்கு மாதத்தில் பத்து லட்சம் என்றால், அது விளம்பரத்தால் வந்த கூட்டம். எண் சின்னதாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதும் இல்லை. ஓர் ஊர்க் கூட்டுறவு வங்கியின் ஆப் சில ஆயிரத்தோடு நிற்பது இயல்பு, அதன் வாடிக்கையாளர்களே அவ்வளவுதானே.

இரண்டாவது படத்தில் மூன்று விமர்சனங்கள், மூன்றும் பாராட்டு. ஸ்டோர் தானாக முன்னால் வைக்கிற வரிசையை அப்படியே படம் பிடித்திருக்கிறார். நான் உள்ளே போய்ப் புதியவை முதலில் வரும்படி மாற்றிக்கொண்டேன். 4.4 என்ற சராசரிக்குப் பக்கத்தில் ஐந்து கோடுகள் இருக்கும், எத்தனை நட்சத்திரத்தை எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று. உங்கள் ஆப்பில் ஐந்தின் கோடு நீளம், ஒன்றின் கோடு அடுத்த நீளம், நடுவில் இருக்கும் மூன்றும் புள்ளி மாதிரி. சாதாரணமாக மக்கள் பயன்படுத்துகிற ஆப்பில் நாலு நட்சத்திரக்காரர்கள் கணிசமாக இருப்பார்கள். “நல்லாத்தான் இருக்கு, ஓடிபி வரத்தான் லேட்டாகுது” என்று எழுதுகிற ஆட்கள் அவர்கள்தான். அவர்கள் காணாமல் போனால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

பிறகு ஐந்து நட்சத்திரங்களைப் படித்தேன். “குட் ஆப்”, “வெரி நைஸ்”, “சூப்பர் லோன் ஆப்” என்று இரண்டு மூன்று வார்த்தைகள். ஒரே வாரத்தில் கொத்துக் கொத்தாக வந்திருக்கின்றன, அதற்கு முன்னும் பின்னும் ஒன்றுகூட இல்லை. எவ்வளவு கடன் வாங்கினார், எத்தனை நாளில் வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. சிலர் “இன்னும் லோன் வரவில்லை, ஆனால் ஆப் நன்றாக இருக்கிறது” என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு எதற்கு ஐந்து? சிலர் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு உள்ளே கடுமையாகத் திட்டியிருக்கிறார்கள், தங்கள் புகார் மேலே தெரியட்டும் என்று. அதுவும் சராசரியை ஏற்றத்தான் உதவியிருக்கிறது, பாவம்.

ஒரு நட்சத்திரக்காரர்களின் எழுத்து முழுக்க வேறு மாதிரி. ஒருவர் 5,000 ரூபாய்க்கு விண்ணப்பித்திருக்கிறார். கையில் வந்தது 3,200. ஏழாம் நாள் 5,000 கட்டச் சொல்லிப் போன். கட்டத் தாமதமானதும் அவருடைய படத்தோடு அண்ணனுக்கும் அலுவலக மேலாளருக்கும் மெசேஜ் போயிருக்கிறது. 3,200 ரூபாய்க்கு ஏழு நாளில் 1,800, அதாவது நூற்றுக்கு 56 ரூபாய் வாரவட்டி. நம் ஊர்க் கந்துவட்டிக்காரர் கேட்டாலே கூச்சப்படுவார். இன்னொருவர், வேறு மாதம், வேறு தொகை. அவரும் ஏழு நாள் என்கிறார். மூன்றாமவரும் அதையே சொல்கிறார். இப்போது ஆப்பின் விளக்கத்தைப் பாருங்கள்: திருப்பிச் செலுத்த 91 முதல் 180 நாள் என்று இருக்கிறது. முழுக் கடனையும் 60 நாளுக்குள் திருப்பிக் கேட்கிற ஆப்பைக் கூகுள் ஸ்டோரில் அனுமதிப்பதில்லை. அதனால் எழுத்தில் 60 நாளைத் தாண்டித்தான் போட்டாக வேண்டும். ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே ஏழு நாளைச் சொல்லும்போது நான் நம்புவது அவர்களைத்தான்.

ஆனால் எல்லா ஒரு நட்சத்திரத்தையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. கடன் கிடைக்காதவர்கள் நேர்மையான வங்கி ஆப்பையும் திட்டுவார்கள். “ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, வேஸ்ட்” என்பது ஆப்பைப் பற்றி அதிகம் எதுவும் சொல்வதில்லை. தொகை, நாள், பிடித்தம், மிரட்டல் என்று விவரத்தோடு வருகிற புகார்தான் கணக்கு. அதற்கு ஆப்காரர் என்ன பதில் போட்டிருக்கிறார் என்பதையும் பாருங்கள். இங்கே எல்லாப் புகாருக்கும் கீழே அதே ஒரே பதில், எழுத்துப் பிசகாமல்: சிரமத்துக்கு வருந்துகிறோம், மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இனி மூன்றாவது படம். பெரிய ஆச்சரியம், உங்கள் மச்சான் இதையும் அனுப்பியது. `About this app` பக்கத்தின் அடியில் `App permissions` என்று ஒளிந்திருக்கும், யாரும் அவ்வளவு தூரம் உருட்டிப் போவதில்லை. அந்தப் பக்கத்தில் விளம்பர வாசகம் எழுத முடியாத இடம் இது. ஆப்பின் கோப்புக்குள் எந்தெந்த அனுமதியைக் கேட்க வழி செய்திருக்கிறார்களோ அதை ஸ்டோர் அங்கிருந்து எடுத்துக் காட்டுகிறது.

பட்டியலில் இருக்கும் எல்லாமே பயப்பட வேண்டியவை இல்லை. `have full network access`, `view network connections`, `prevent phone from sleeping` போன்றவை ஏறக்குறைய எல்லா ஆப்பிலும் இருக்கும். கேமராவும் கடன் ஆப்புக்குத் தேவையான ஒன்றுதான். ஆதாரையும் முகத்தையும் படம் பிடிக்க வேண்டுமே. தோராயமான இருப்பிடமும் அப்படித்தான். உங்கள் சம்மதத்தோடு ஒருமுறை கேட்கலாம் என்று ரிசர்வ் வங்கியே தன் விதிகளில் விட்டிருக்கிறது. ஆனால் அதே விதிகள், கடன் ஆப் உங்கள் போனின் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் கோப்புகளையும் தொடவே கூடாது என்கின்றன. 2023 மே 31 முதல் கூகுளும் கடன் ஆப்களுக்கு தொடர்புப் பட்டியலையும் படங்களையும் துல்லியமான இருப்பிடத்தையும் தடை செய்துவிட்டது.

உங்கள் படத்தில், `Contacts` என்ற தலைப்புக்குக் கீழே தெளிவாக இருக்கிறது: `read your contacts`. இந்த ஒரு வரி போதும். தடை இருந்தும் எப்படி ஸ்டோரில் இருக்கிறது என்று கேட்பீர்கள். கூகுளின் சோதனை எல்லாவற்றையும் உடனே பிடிப்பதில்லை. ஈசெட் பட்டியலில் இருந்தவையும் ஸ்டோரிலிருந்தே இறங்கியவைதான்.

கடன் கொடுப்பவருக்கு உங்கள் தொடர்புப் பட்டியல் எதற்கு என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நகைக் கடன் என்றால் நகையை வாங்கிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். இங்கே வைக்க எதுவும் இல்லை, அதனால் உங்கள் மானத்தை அடகு வாங்கிக்கொள்கிறார்கள். போனில் இருக்கிற எல்லா எண்களும் நொடியில் அவர்கள் சர்வருக்குப் போய்விடும். அந்த அண்ணனுக்கு மெசேஜ் போனது அப்படித்தான். விமர்சனத்தில் இருந்த அந்தக் கதையும் அனுமதிப் பட்டியலின் இந்த வரியும் ஒன்றோடொன்று பூட்டு சாவி மாதிரிப் பொருந்துகின்றன.

இதே பக்கத்தில் `Data safety` என்று ஒரு பகுதியும் இருக்கிறது. தொடர்புகளைச் சேகரிப்பதில்லை என்று அதில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பகுதியை நிரப்புவது ஆப்காரர்தான், நானும் என் ஆப்களுக்கு அதே படிவத்தில் டிக் அடிக்கிறவன்தான். அதுவும் அனுமதிப் பட்டியலும் முரண்பட்டால் நான் அனுமதிப் பட்டியலைத்தான் எடுத்துக்கொள்வேன்.

“இறக்கிவிட்டு, தொடர்பு அனுமதி கேட்கும்போது மறுத்துவிடலாமே” என்று உங்கள் மச்சான் சொல்லக்கூடும். ஆண்ட்ராய்டு உங்களைக் கேட்காமல் கொடுக்காது என்பது உண்மைதான். ஆனால் மறுத்தால் இப்படிப்பட்ட ஆப் அடுத்த திரைக்கே போகாது. பணம் அவசரமாகத் தேவைப்படுகிற நேரத்தில் விரல் எதை அழுத்தும் என்று நமக்குத் தெரியும். இந்தப் பட்டியலுக்கும் ஒரு எல்லை உண்டு. செட்டிங்ஸுக்குப் போய் நாமே தட்டிவிட வேண்டிய `Accessibility` அணுகல் இதில் வருவதே இல்லை. திரையில் இருப்பதைப் படிக்கவும் நமக்குப் பதிலாகத் தொடவும் வல்லது அது. அதைத் திறந்துவிடச் சொல்லும் கடன் ஆப்பும், புது வெர்ஷன் என்று வாட்ஸ்அப்பில் கோப்பு அனுப்பும் கடன் ஆப்பும், ஸ்டோரில் பட்டியல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று, கொஞ்சம் பக்குவமாகக் கேளுங்கள்: மச்சான் ஏற்கனவே இதை இறக்கிக் கடன் வாங்கிவிட்டாரா? ஆள் சேர்த்தால் தள்ளுபடி என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட இணைப்புகள் பெரும்பாலும் பரவுகின்றன. இறக்கியிருந்தால், முதலில் செட்டிங்ஸில் ஆப்பின் அனுமதிகளை எடுத்துவிட்டுப் பிறகு அழிக்கச் சொல்லுங்கள். போன எண்கள் திரும்பி வராது. அவருடைய தொடர்புப் பட்டியலில் உங்கள் எண்ணும் இருக்கும். யாராவது அவர் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டு மிரட்டினால் நீங்களும் கொடுக்காதீர்கள். மிரட்டல் வந்தால் 1930 என்ற எண்ணிலோ `cybercrime.gov.in` தளத்திலோ புகார் செய்யலாம். அதற்கு இந்த மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகளும் பயன்படும், அழித்துவிடாதீர்கள். கூடவே பக்கத்தின் `id=` இணைப்பையும் இன்றைக்கே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட பக்கங்கள் திடீரென்று ஸ்டோரிலிருந்து மறைந்து, வேறு பெயரில், வேறு ஐகானில் வந்து நிற்கும்.